எந்த வாயில் வழியே?

பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ் இப்போது பெரும்பாலும் பெற்றோரின் கைப்பேசிக்குப் படமாகத்தான் வந்து சேர்கிறது. படத்தில் பள்ளியின் முத்திரை, சிறப்பு விருந்தினரின் நிழற்படம், அவர் பெற்ற பட்டங்கள், வரவேற்புரையும் நன்றியுரையும் ஆற்றுவோர் பெயர்கள் ஆகியவை அழகாக அச்சாகியிருக்கும். படத்திற்குக் கீழே சில வரிகள் இருக்கும். விழா எப்போது தொடங்கும், எந்த வாயில் திறந்திருக்கும், எங்கே அமர்வது, வண்டியை எங்கே விடுவது என்பனவற்றை அந்தச் சில வரிகளே சொல்லியாக வேண்டும். படம் விருந்தினருக்கானது, கீழ்க்குறிப்பு பெற்றோருக்கானது. ஆயினும் படத்தைப் பத்து நாள் திருத்துவோர், குறிப்பைப் பத்து நிமிடத்தில் எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ள அரசு உதவி பெறும் மேல்நிலைப்பள்ளியில் அந்தக் குறிப்பை எழுதும் பொறுப்பு ஓர் ஆண்டு தமிழாசிரியரிடம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 640 மாணவர் பயிலும் பள்ளி அது. தலைமையாசிரியை முந்தைய ஆண்டின் குறிப்பை அவரிடம் கொடுத்து, “தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும், தமிழய்யா” என்றார்.

தமிழய்யா அதைப் படித்துப் பார்த்தார். “மாலை 4 மணியளவில் விழா நடைபெறும். முன்வரிசைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. பெற்றோர் தமக்குரிய இருக்கைகளில் அமரவும். வாகனங்களை வளாகத்தின் பின்புறம் உரிய இடத்தில் நிறுத்தி ஒத்துழைப்பு நல்கவும்.” இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் படித்து முடித்த ஒருவர் எழுந்து எத்திசையில் நடப்பது என்று அறிய அதில் வழியில்லை. ‘மணியளவில்’ என்றால் நான்கா, நான்கரையா? முன்வரிசைகள் எத்தனை, யாருக்காக ஒதுக்கப்பட்டுள்ளன? ‘உரிய இடம்’ எது? ‘பின்புறம்’ என்பது பள்ளிக்குள் நிற்பவருக்கு ஒரு திசை. குளத்தங்கரைத் தெருவழியே வருபவருக்கு வேறொரு திசை. எழுதியவருக்கு விடை தெரியும் என்பதால் எழுத்திலும் விடை இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது.

சொற்களை மாற்றுவதால் மட்டும் இது தீராது என்பது தமிழய்யாவுக்கு விரைவில் புலப்பட்டது. ‘உரிய இடம்’ என்பதை நீக்கி இடத்தின் பெயரை எழுத வேண்டுமானால் அந்த இடம் முதலில் முடிவாகியிருக்க வேண்டும். அது எத்தனை வண்டிகளைக் கொள்ளும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முந்தைய குறிப்பு தெளிவற்றிருந்தது மொழிக் குறையால் அன்று. யாரும் அளந்து பார்க்காததால். எனவே மறுநாள் மாலை அவரும் உடற்கல்வி ஆசிரியரும் அளவு நாடாவுடன் திடலில் இறங்கினர்.

மேடை திடலின் மேற்குக் கோடியில் இருக்கிறது. பார்வையாளர் மேற்கு நோக்கி அமர வேண்டும். பிப்ரவரி மாதத்தில் மாலை ஐந்தரை வரையில் வெயில் கண்ணில் நேராக விழும். முந்தைய ஆண்டு நான்கு மணிக்கு வந்தவர்கள் அழைப்பிதழ் அட்டையை நெற்றியில் பிடித்தபடி முதல் மூன்று நிகழ்ச்சிகளைப் பார்த்ததை உடற்கல்வி ஆசிரியர் நினைவுகூர்ந்தார். ஐந்தரைக்குப் பின் மேடைக்குப் பின்னுள்ள வகுப்பறைக் கட்டடம் வெயிலை மறைத்துவிடுகிறது. தொடக்க நேரம் 5.30 என்று முடிவானது இப்படித்தான்.

முடிவு நேரம் பேருந்தால் முடிவானது. சுற்றுக் கிராமங்களுக்குச் செல்லும் கடைசி நகரப் பேருந்து இரவு 8.50க்குப் பள்ளி வாயிலைக் கடக்கிறது. ஆதலால் 8.30க்கு விழா முடிந்தாக வேண்டும். முடியும் நேரத்தை எழுதும் வழக்கம் நம் அழைப்பிதழ்களில் அரிது. எப்போது வீடு திரும்பலாம் என்று தெரியாத ஒருவர் வராமலே இருந்துவிடுவார் என்பதை அழைப்பவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்து இருக்கைகள். பார்வையாளருக்கான இடம் 24 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் கொண்டது. மேடையை ஒட்டிய 7 மீட்டர் நீளம் நிகழ்ச்சியில் பங்கேற்காத மாணவர் ஜமக்காளத்தில் அமர்வதற்கு வேண்டும். எஞ்சியது 23 மீட்டர். வாடகைக்கு வரும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுக்கு அரை மீட்டர் அகலம் வேண்டும். வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர் இருந்தால்தான் அமர்ந்திருப்பவர் முழங்காலைச் சற்றே ஒதுக்க, இன்னொருவர் கடந்து செல்ல இயலும். நடுவில் ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று என 2 மீட்டர் அகலத்தில் மூன்று நடைவழிகள். பாதித் தொலைவில் குறுக்காக மேலும் ஒரு நடைவழி. இவை போக வரிசைக்கு 36 நாற்காலிகள் வீதம் 21 வரிசைகள் அமைந்தன. ஆக 756 நாற்காலிகள்.

உடன்பிறந்தோரைச் சேர்த்துக் கணக்கிட்டால் 640 மாணவரும் 470 குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். குடும்பத்திற்கு இருவர் என்றாலும் 940 பேர். “எல்லாரும் வரவா போகிறார்கள்? நடைவழியில் இன்னும் நாலைந்து வரிசை போட்டுக்கொள்ளலாம்” என்றார் அலுவலகத்தில் ஒருவர். வழக்கமாக எல்லா ஊர்களிலும் சொல்லப்படும் தீர்வு இது.

தலைமையாசிரியை அதற்கு உடன்படவில்லை. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் ஹரியானா மாநிலத்து டப்வாலி நகரில் பள்ளி ஒன்றின் ஆண்டுப் பரிசளிப்பு விழா நடந்துகொண்டிருந்தபோது பந்தலில் தீப்பற்றியது. செயற்கைத் துணியாலான பந்தல் சில நிமிடங்களில் எரிந்து கூட்டத்தின்மீது விழுந்தது. உள்ளே இருந்தவர் எண்ணிக்கைக்கு வெளியேறும் வழி போதவில்லை. 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தம் பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்க வந்த பெற்றோர் பலர் பிள்ளையோடு மாண்டனர். ஆண்டு விழா நடத்தும் எவரும் அறிந்திருக்க வேண்டிய நிகழ்வு இது. தலைமையாசிரியை அதை இரண்டே வாக்கியங்களில் சொன்னார். பிறகு நடைவழியைப் பற்றி யாரும் பேசவில்லை. பார்வையாளர் பகுதிக்குத் துணிப்பந்தல் வேண்டாம், திறந்தவெளியே போதும் என்பதும் அப்போதே முடிவாயிற்று. தனித்தனி நாற்காலிகள் நெரிசலில் சாய்ந்து வழியை அடைக்கும் என்பதால் நான்கு நான்காகக் கால்களைக் கயிற்றால் பிணைப்பதென்றும் முடிவு செய்தனர்.

இருக்கையைக் கூட்ட முடியாது என்றால் வருவோரை எண்ணத்தான் வேண்டும். இரண்டு வாரம் முன்னதாக ஒவ்வொரு மாணவர் வழியாகவும் ஒரு துண்டுச்சீட்டு வீட்டுக்குச் சென்றது. அதில் இரண்டு கேள்விகள் இருந்தன: எத்தனை பேர் வருகிறீர்கள்? எந்த வண்டியில் வருகிறீர்கள், இருசக்கர வண்டியா, மகிழுந்தா? ஒரு வாரத்தில் 431 குடும்பங்களிலிருந்து விடை வந்தது. வருவதாகச் சொன்னவர் 702 பேர். அவர்களின் இருசக்கர வண்டிகள் 236, மகிழுந்துகள் 18.

முந்தைய ஆண்டுகளில் முதல் மூன்று வரிசைகள், அதாவது 108 நாற்காலிகள், முக்கிய விருந்தினருக்கென ஒதுக்கப்பட்டு வந்தன. அவற்றில் பாதி, விழா முடியும் வரை வெள்ளைத் துணி போர்த்தியபடி வெறுமையாகவே கிடக்கும். பின்னால் தாய்மார் நின்றுகொண்டிருப்பர். இம்முறை ஒதுக்கீடு ஒரே வரிசையானது. இரண்டாம் வரிசையும் நடைவழியை ஒட்டிய இருக்கைகளும் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியவை என்று குறிக்கப்பட்டன. முதல் வரிசை போக 720 நாற்காலிகள். வருவோர் 702 பேர். கணக்கு சரியாகிவிட்டது என்று அலுவலகத்தார் மகிழ்ந்தனர்.

தமிழய்யாவின் மனம் மட்டும் விடை வராத 39 குடும்பங்களையே சுற்றியது. அவர் அந்தப் பெயர்ப்பட்டியலை எடுத்துப் பார்த்தார். பெரும்பாலானவை செங்கல் சூளையிலும் வயலிலும் வேலை செய்வோர் வீடுகள். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் அப்பட்டியலில் இருந்தான். விழாவில் ஒயிலாட்டக் குழுவின் முன்வரிசையில் ஆடுபவன் அவன். பெற்றோர் வெளியூரில் வேலை செய்ய, பாட்டியிடம் வளர்கிறான். மாலையில் தமிழய்யா அவன் வீட்டுக்குச் சென்று கேட்டார். பாட்டி தயங்கியபடி, “பேரன்தான் படிச்சுக் காட்டுனான் ஐயா. என்ன வண்டியில வர்றீங்கன்னு கேட்டிருந்துச்சு. எங்ககிட்ட வண்டி ஏது? அது வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு வந்த சீட்டாக்கும்னு வச்சுட்டேன்” என்றார்.

சீட்டை வடிவமைத்தவர்கள் எவரையும் விலக்க நினைக்கவில்லை. எனினும் கேள்வியில் இரண்டே விடைகள் இருந்தன. நடந்து வருபவருக்கு அதில் இடமில்லை. வண்டி நிறுத்துமிடம் பற்றிய அறிவிப்புகளில் இக்குறை மிகுதியாக உண்டு. வண்டி வருவதற்கு வழி சொல்வார்கள், வண்டி நிற்பதற்கு இடம் சொல்வார்கள். கால்நடையாக வரும் மனிதர் எவ்வாயில் வழியே நுழைவது என்று ஒரு சொல்லும் இராது. கீழ்க்குறிப்பின் முதல் வரிகளில் ஒன்று நடந்து வருவோருக்குரியதாக இருக்க வேண்டுமென்று தமிழய்யா அன்றே முடிவு செய்தார். அந்த 39 குடும்பங்களுக்கும் வகுப்பாசிரியர்கள் நேரில் சென்று சொன்னார்கள். குடும்பத்திற்கு இருவர் என்றால் இன்னும் 78 பேர். நாற்காலிகளில் மீதமிருப்பது 18, குறைவது 60. திடலின் வடபுறத் தாழ்வாரம் தரையைவிட மூன்று படி உயரமானது; அங்கிருந்து மேடை நன்றாகத் தெரியும். நால்வர் அமரும் வகுப்பறை விசுப்பலகைகள் 15 எடுத்து அங்கே போட்டால் 60 பேர் அமரலாம். உண்மையில் மைதானத்தின் கடைசி வரிசையைவிட அதுவே நல்ல இடம்.

வண்டிகளின் கணக்கு வேறு வகையானது. நாற்காலி போட்ட இடத்தில் கிடக்கும். வண்டி வர வேண்டும், திரும்ப வேண்டும், நடுவில் சிக்கியது முதலில் வெளியேற விரும்பினாலும் இயல வேண்டும். இருசக்கர வண்டி ஒன்றுக்கு 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் என்று கொண்டனர். ஒரு வரிசை வண்டி, 2 மீட்டர் வழி, எதிரே இன்னொரு வரிசை வண்டி என்பது ஓர் அடுக்கு. தெற்கில் உள்ள கபடித் திடல் 30 மீட்டருக்கு 20 மீட்டர். அதில் மூன்று அடுக்குகள் அமையும். அடுக்குக்கு 60 வீதம் 180 வண்டிகள். மிதிவண்டிக் கொட்டகை 60 வண்டிகளைக் கொள்ளும். ஆக 240, வருபவை 236. வழிவிடாமல் நெருக்கி நிறுத்தினால் கபடித் திடலிலேயே எல்லாவற்றையும் அடைத்துவிடலாம். ஆனால் விழா முடிந்ததும் முதலில் வந்தவர் கடைசியாகத்தான் வெளியேற முடியும்.

மகிழுந்துகளைப் பள்ளிக்கு முன்னுள்ள சாலையில் இருபுறமும் நிறுத்துவதே அதுவரை இருந்த வழக்கம். சாலையின் அகலம் 6 மீட்டர். மகிழுந்து ஒன்றின் அகலம் ஏறத்தாழ 1.8 மீட்டர். இருபுறமும் நின்றால் நடுவில் எஞ்சுவது 2.4 மீட்டர். தீயணைப்பு வண்டியின் அகலம் ஏறத்தாழ 2.5 மீட்டர். இந்தச் சிறு கழித்தலை உடற்கல்வி ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, சாலையில் மகிழுந்து நிறுத்துவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஐந்து நிமிட நடைத்தொலைவில் இருந்த அரிசி ஆலையின் நெல் உலர்த்தும் களம் அறுவடை முடிந்து காலியாக இருந்தது. உரிமையாளர் அன்று மாலைக்கு மட்டும் இசைந்தார். மகிழுந்தில் வரும் முதியோரை வாயிலில் இறக்கிவிட்டுக் களத்துக்குச் செல்லலாம் என்பதும் சேர்க்கப்பட்டது. இவ்வரி இல்லையெனில், பாட்டியை அழைத்து வருபவர் எவ்வளவு நல்லவராயினும் சாலையில்தான் நிறுத்துவார்.

இத்தனைக்கும் பிறகு எழுத அமர்ந்தபோது தமிழய்யாவுக்கு இன்னொரு கட்டுப்பாடு எதிர்ப்பட்டது. கைப்பேசியில் நீண்ட குறிப்பு முழுமையாகத் தெரிவதில்லை. முதற்பகுதி மட்டும் தெரியும், மற்றது தொட்டால்தான் விரியும். தொடாதவர் பலர். எனவே எல்லாருக்கும் வேண்டியது முதலிலும் சிலருக்கே வேண்டியது பின்னரும் வர வேண்டும். ‘பேரன்புடையீர்’ என்று தொடங்கி நான்கு வரி வரவேற்பு எழுதினால், நாளும் நேரமும் மறைவுக்குள் போய்விடும். விளிச்சொல்லை நீக்குவது மரியாதைக் குறைவு என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். வரவேற்பு படத்திலேயே இருக்கிறதே என்று தலைமையாசிரியை சொன்னதும் அவர் அரைமனத்தோடு ஒப்புக்கொண்டார். இறுதியில் குறிப்பு இவ்வாறு அமைந்தது:

“ஆண்டு விழா: பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. மாலை 5.30க்குத் தொடங்கும், இரவு 8.30க்கு முடியும்.
நடந்தும் பேருந்திலும் வருவோர்: அஞ்சல் நிலையத்துக்கு எதிரே உள்ள கிழக்கு வாயில்.
இருசக்கர வண்டிகள்: குளத்தங்கரைத் தெரு வாயில் வழியே கபடித் திடல். அது நிரம்பியபின் மிதிவண்டிக் கொட்டகை.
மகிழுந்துகள்: அரிசி ஆலைக் களம். முதியோரைக் கிழக்கு வாயிலில் இறக்கிவிடலாம். பள்ளிச் சாலையில் எவ்வண்டியும் நிற்கலாகாது. அது அவசர ஊர்திக்கான வழி.
இருக்கை: குடும்பத்திற்கு இருவர். முதல் வரிசை விருந்தினருக்கு. இரண்டாம் வரிசையும் வழியோர இருக்கைகளும் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். மற்றவை வருகை வரிசைப்படி. வடபுறத் தாழ்வாரத்திலும் இருக்கைகள் உண்டு.
நிகழ்ச்சிகள்: 6, 7ஆம் வகுப்பு மாலை 6.20, 8, 9ஆம் வகுப்பு 7.05, 10, 11, 12ஆம் வகுப்பு 7.45.”

கடைசி வரியே எழுதுவதற்கு மிகக் கடினமாயிற்று. வகுப்புவாரியாக நேரம் கொடுத்தால், வேலை முடிந்து வரும் தாய் தன் பிள்ளை ஆடும் நேரத்துக்காவது வந்து சேர்வாள். ஆனால் மேடையில் ஓர் உரை நீண்டாலும் அந்த நேரம் பொய்யாகும். அச்சிட்ட நேரத்தை நம்பி வந்தவர் காத்திருக்கலாம். முன்கூட்டியே முடிந்துபோன ஆட்டத்தை யாரும் திரும்ப ஆடிக்காட்ட மாட்டார். ஆகவே நிகழ்ச்சிகள் குறித்த நேரத்துக்குப் பிந்தலாமே அன்றி முந்தக்கூடாது என்று விதித்தனர். ஆண்டறிக்கைக்கு எட்டு நிமிடம், சிறப்புரைக்குப் பத்து நிமிடம் என்று வரையறுத்து விருந்தினருக்கும் முன்னரே தெரிவித்தனர். அவர் அதைத் தவறாகக் கொள்ளவில்லை.

விழா நாளன்று பிற்பகலில் மாணவர் சாரணர் நால்வர் சுண்ணாம்புத்தூள் கொண்டு நடைவழிகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு இட்டனர். நாற்காலி கோட்டைத் தாண்டினால் யாருக்கும் உடனே தெரியும், வாதிடத் தேவையில்லை. கபடித் திடலிலும் வண்டி அடுக்குகளுக்குக் கோடு விழுந்தது. எல்லாம் எழுதியபடியே நடந்துவிடவில்லை. சொல்லாமல் வந்த ஐந்து மகிழுந்துகள் சாலையில் நிற்க முயன்றன. வாயிற்காவலர் குறிப்பைக் காட்டிக் களத்துக்கு அனுப்பினார். மூவர் வரும் குடும்பங்கள் சில வந்தன. அவர்களுள் இளையோர் ஜமக்காளத்துக்குச் சென்றனர். சிறப்புரை பத்து நிமிடத்தைத் தாண்டிப் பதினான்கு நிமிடம் நீடித்தது.

ஒயிலாட்டம் 6.24க்குத் தொடங்கியது. கிழக்கு வாயில் வழியே நடந்து வந்த பாட்டி அதற்கு அரை மணி முன்னரே தாழ்வாரத்து விசுப்பலகையில் இடம் பிடித்திருந்தார். பக்கத்திலிருந்த பெண்ணிடம், முன்வரிசையில் இடப்புறம் மூன்றாவதாக ஆடுபவன் தன் பேரன் என்று இருமுறை சொன்னார். நன்றியுரை முடிந்தபோது மணி 8.34. கடைசிப் பேருந்து வருவதற்குப் பதினாறு நிமிடம் இருந்தது.